‘சும்மா விசாரணைதான்’: இரவில் பெண்ணைக் காவல் நிலையத்துக்கு அழைத்தால் சட்டம் என்ன சொல்கிறது?

வீட்டுவேலை செய்யும் ஒரு பெண்; செல்வி என்று வைத்துக்கொள்வோம். அவர் வேலை செய்யும் வீட்டில் இரண்டு பவுன் சங்கிலி காணவில்லை. இரவு எட்டு மணிக்கு இரண்டு ஆண் காவலர்கள் செல்வியின் வீட்டு வாசலில் நின்று, “சும்மா விசாரணைதான், ஸ்டேஷனுக்கு வந்துட்டுப் போம்மா” என்கிறார்கள். கையில் காகிதம் எதுவும் இல்லை. பெண் காவலரும் உடன் வரவில்லை.

பெண்களின் கைது குறித்த விதிகள் பெரும்பாலும் மீறப்படுவது இந்த இடத்தில்தான். கைது என்று சொல்லிவிட்டால் நேரம், பெண் காவலர், எழுத்துப்பூர்வ அனுமதி என்று பல நிபந்தனைகள் வந்து நிற்கும். விசாரணை என்று சொன்னால் அவை எதுவும் பொருந்தாது என்பது போன்ற ஒரு நினைப்பு ஊரில் நிலவுகிறது. விசாரணைக்கும் தனி விதி இருக்கிறது. சில வகையில் அது கைது விதியைவிடக் கறாரானது.

2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் நடைமுறையில் இருப்பது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா. அதன் 179ஆம் பிரிவு, வழக்கின் விவரம் தெரிந்த ஒருவரை விசாரணைக்கு வரச் சொல்லும் அதிகாரத்தைப் புலனாய்வு அதிகாரிக்குத் தருகிறது. ஆனால் எழுத்து மூலமான உத்தரவால்தான் அப்படி அழைக்க முடியும். வாய்மொழியாகச் சொல்வதோ, பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லி அனுப்புவதோ அந்த அதிகாரம் ஆகாது. அதே பிரிவின் விதிவிலக்கு, ஒரு பெண்ணை அவர் வசிக்கும் இடத்தைத் தவிர வேறெங்கும் வரச் சொல்லக் கூடாது என்கிறது. பதினைந்து வயதுக்குக் குறைந்த சிறுவர்கள், அறுபது வயதைக் கடந்த ஆண்கள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயுற்றவர்கள் ஆகியோருக்கும் இதே பாதுகாப்பு உண்டு. ஆக, செல்வியிடம் கேள்வி கேட்க வேண்டுமென்றால் அதிகாரிதான் அவர் வீட்டுக்கு வர வேண்டும்.

இது வெறும் அறிவுரை அல்ல. விசாரணைக்காக ஒருவரை ஓர் இடத்துக்கு வரவழைக்கக் கூடாது என்று சட்டம் தடுத்திருப்பது தெரிந்தும் வரவழைக்கும் அரசு ஊழியருக்கு, பாரதிய நியாய சன்ஹிதாவின் 199ஆம் பிரிவின்படி ஆறு மாதத்துக்குக் குறையாத, இரண்டு ஆண்டுவரை நீளக்கூடிய கடுங்காவல் தண்டனையும் அபராதமும் உண்டு. 2013இல் பழைய தண்டனைச் சட்டத்தில் 166ஏ என்று சேர்க்கப்பட்ட பிரிவு இது. வாசலில் நிற்கும் காவலரிடம் சட்டம் பேசிச் சண்டை போடச் சொல்லவில்லை. “நோட்டீஸ் கொடுங்கள், வீட்டிலேயே பதில் சொல்கிறேன்” என்ற ஒரு வரியே போதும்.

புதிய சட்டத்தில் ஒரு கதவு திறந்து வைக்கப்பட்டிருக்கிறது. பெண் தானே விரும்பினால் காவல் நிலையத்துக்கு வரலாம் என்று 179இல் ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள். வீட்டில் பேச முடியாத சூழலில் இருக்கும் பெண்ணுக்கு அது உதவும் என்பது உண்மை. ஆனால் “என் சொந்த விருப்பத்தின் பேரில் வந்தேன்” என்று பின்னால் ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொள்ளவும் அதே வரி இடம் தருகிறது. எழுதப் படிக்கத் தெரியாத செல்வி அந்தத் தாளில் கைநாட்டு வைத்துவிட்டால், வீட்டில்தான் விசாரிக்க வேண்டும் என்ற வாதம் பலவீனமாகிவிடும். வாசித்துக் காட்டாத எதிலும் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காமல் இருப்பது அதனால்தான் முக்கியம்.

செல்வி சாட்சி இல்லை, அவர் மேல்தான் சந்தேகம் என்றால்? 1977இல் ஒடிசாவின் முன்னாள் முதல்வர் நந்தினி சத்பதியை ஒரு வழக்கில் காவல் நிலையத்துக்கு வரச் சொன்னார்கள். பெண்ணை அப்படி அழைத்தது சட்டமீறல் என்று உச்ச நீதிமன்றம் 1978இல் சொன்னது. வழக்கின் விவரம் தெரிந்தவர் என்பதில் குற்றம் சாட்டப்பட்டவரும் அடங்குவார் என்றும் அந்தத் தீர்ப்பு சொல்கிறது. ஆனால் அதற்குப் பிறகு வேறொரு நோட்டீஸ் சட்டத்துக்குள் வந்தது. இன்று அது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35(3). உடனே கைது செய்யத் தேவையில்லாத, ஆனால் நியாயமான சந்தேகத்துக்குரிய நபரை, நோட்டீஸில் குறிப்பிட்ட இடத்தில் ஆஜராகச் சொல்லும் பிரிவு. இதில் பெண்களுக்கென்று இடம் சார்ந்த விதிவிலக்கு எழுதப்படவில்லை. பெண்களைக் காவல் நிலையத்துக்கு அழைக்க இந்த நோட்டீஸ் பயன்படுவதற்கு அதுவே காரணம்.

எனவே நோட்டீஸ் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது பிரிவு எண்ணை. 179 என்றிருந்தால் வீட்டிலேயே விசாரணை கேட்கலாம். 35(3) என்றிருந்தால் அலட்சியம் செய்யக் கூடாது. போகாமல் இருப்பதே கைதுக்குக் காரணமாகிவிடும். குறித்த நாளில் போய்வந்துகொண்டிருக்கும்வரை, தனியாகக் காரணம் எழுதாமல் அவரைக் கைது செய்ய முடியாது என்பது இந்த நோட்டீஸின் மறுபக்கம். வேலைக்காரர் முதலாளியின் பொருளைத் திருடும் குற்றத்துக்கு உச்ச தண்டனை ஏழு ஆண்டு. ஏழு ஆண்டு வரையிலான குற்றங்களில் கைது ஏன் தேவை என்று அதிகாரி எழுத்தில் காரணம் காட்ட வேண்டும். செல்வியின் வழக்கு இந்த வரம்புக்குள்தான் வருகிறது. வாட்ஸ்அப்பில் வரும் 35(3) நோட்டீஸ் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2025இல் தெளிவுபடுத்தியிருக்கிறது என்பதையும் இங்கே சொல்லிவிடலாம்.

கைதுதான் செய்கிறோம் என்று சொன்னால் அதே சட்டத்தின் 43(5) முன்னால் வரும். விதிவிலக்கான சூழ்நிலை தவிர, சூரியன் மறைந்த பிறகும் உதிப்பதற்கு முன்பும் எந்தப் பெண்ணையும் கைது செய்யக் கூடாது. மாலை ஆறு மணி முதல் காலை ஆறு மணிவரை என்று பலரும் சொல்வது ஒரு தோராயம். சட்டத்தில் இருப்பது சூரியன், கடிகாரம் இல்லை. சென்னையில் கார்த்திகை மாதம் ஆறு மணிக்கு முன்பே இருட்டிவிடும், ஆடியில் ஆறரையைத் தாண்டியும் வெளிச்சம் இருக்கும்.

விதிவிலக்கு உண்டென்றால் அதற்கும் ஒரு வழிமுறை இருக்கிறது. பெண் காவல் அதிகாரி எழுத்து மூலம் அறிக்கை கொடுத்து, அந்த எல்லைக்குட்பட்ட முதல் வகுப்பு நீதித்துறை நடுவரின் அனுமதியை முன்கூட்டியே பெற வேண்டும். கைது செய்துவிட்டுப் பிறகு வாங்கும் அனுமதி இதில் சேராது. இரண்டு பவுன் சங்கிலிக்காக, முகவரி தெரிந்த, ஓடிப்போகாத ஒரு பெண்ணை இரவில் கைது செய்ய என்ன அவசரம் என்ற கேள்விக்கு அந்த அறிக்கையில் பதில் இருக்க வேண்டும்.

இதில் ஓர் எல்லையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2025 பிப்ரவரியில் அளித்த தீர்ப்பில், இந்த இரவு விதி வழிகாட்டும் தன்மை கொண்டது, மீறினாலே கைது செல்லாததாகிவிடாது என்று கூறியது. ஆனால் விதியைப் பின்பற்றாத அதிகாரி அதற்கு ஏற்கத்தக்க விளக்கம் தர வேண்டும், எது விதிவிலக்கான சூழ்நிலை என்று காவல் துறை வழிகாட்டு நெறிகள் வகுக்க வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. ஆகவே இரவுக் கைது என்ற ஒரே காரணத்தால் விடுதலை கிடைத்துவிடும் என்று நம்ப வேண்டாம். அதிகாரியைப் பதில் சொல்ல வைக்கும் பிடி அது. அந்த அளவில் அதற்கு மதிப்பு இருக்கிறது.

பெண் காவலர் இல்லாமல் கைதே செய்ய முடியாது என்பதும் முழு உண்மை இல்லை. பகலில் ஆண் அதிகாரி “உங்களைக் கைது செய்கிறேன்” என்று வாயால் சொன்னாலே அந்தப் பெண் காவலுக்குக் கட்டுப்பட்டதாகச் சட்டம் கொள்கிறது. அவரைத் தொடக் கூடாது, கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. தொட வேண்டுமென்றால், சூழ்நிலை வேறுவிதமாக இருந்தாலொழிய, அது பெண் அதிகாரியாக இருக்க வேண்டும். உடலைச் சோதனையிடுவது பெண் மட்டுமே, கண்ணியம் குறையாமல். மருத்துவப் பரிசோதனையும் பெண் மருத்துவராலோ அவர் மேற்பார்வையிலோ நடக்க வேண்டும்.

இனி செல்வி விஷயத்தில் உண்மையில் என்ன நடக்கக்கூடும் என்று பார்ப்போம். எட்டு மணிக்கு அழைத்துப் போகிறார்கள். இரவு முழுக்க ஒரு பெஞ்சில் உட்கார வைக்கிறார்கள். காலை ஆறே முக்கால் மணிக்குக் கைது என்று குறிப்பாணையில் எழுதுகிறார்கள். காகிதத்தில் எல்லாம் ஒழுங்கு: சூரியன் உதித்துவிட்டது, பெண் காவலரின் பெயர் இருக்கிறது, நடுவர் முன் நிறுத்த வேண்டிய இருபத்து நான்கு மணி நேரக் கணக்கும் அப்போதுதான் தொடங்குகிறது. எட்டு மணியிலிருந்து அந்தப் பெண்ணால் எழுந்து வீட்டுக்குப் போக முடியவில்லை என்றால், கைது அப்போதே நடந்துவிட்டது என்று வழக்கறிஞர் வாதிட முடியும். ஆனால் அதற்கு ஆதாரம் வேண்டும்.

ஆதாரம் குடும்பத்தின் கையில்தான் தொடங்குகிறது. அழைத்துப் போன நேரம், வந்தவர்களின் பெயர் வில்லை, வண்டி எண் ஆகியவற்றை உடனே குறித்துக்கொள்ள வேண்டும். அன்றிரவே ஒரு உறவினர் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்கோ மாநகரக் காவல் ஆணையர் அலுவலகத்துக்கோ மின்னஞ்சல் அனுப்பினால், அதில் பதியும் நேரத்தைப் பின்னால் யாராலும் மாற்ற முடியாது. எல்லாக் காவல் நிலையங்களிலும் கண்காணிப்புக் கேமரா வைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் உத்தரவிட்டது. அந்த இரவின் பதிவைப் பாதுகாத்து வைக்கும்படி வழக்கறிஞர் சீக்கிரமாகவே மனுச் செய்ய வேண்டும். கைதுக் குறிப்பாணையில் குடும்பத்தாரோ ஊர்ப் பெரியவரோ ஒருவர் சாட்சிக் கையெழுத்திட வேண்டும். கைதானவரும் அதில் கையெழுத்திடுவார். நேரம் தவறாக இருந்தால் கையெழுத்துக்குப் பக்கத்திலேயே “இரவு எட்டு மணிக்கு அழைத்து வரப்பட்டார்” என்று எழுதலாம்.

நிலையத்துக்குள் விசாரணை நடக்கும்போது பெண் காவலர் உடனிருக்க வேண்டும். பெண்களுக்குத் தனி லாக்கப், பெண் காவலரின் பாதுகாப்பு ஆகிய நெறிகளை 1983இல் ஷீலா பார்சே என்ற பத்திரிகையாளர் மும்பைச் சிறைப் பெண்கள் குறித்து எழுதிய கடிதத்தை மனுவாக ஏற்று உச்ச நீதிமன்றம் வகுத்தது.

கைதான செல்வி, விசாரணையின்போது முழு நேரமும் இல்லாவிட்டாலும் இடையில் வழக்கறிஞரைச் சந்திக்கலாம். வசதி இல்லையே என்ற கவலை வேண்டாம்: வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு, 15100 என்ற எண்ணில் கேட்கலாம். ரிமாண்டுக்காக நடுவர் முன் நிறுத்தும்போது, “எப்போது பிடித்தார்கள், யாராவது தொட்டார்களா, அடித்தார்களா” என்ற கேள்விகள் வராவிட்டாலும் செல்வியே வாய் திறந்து சொல்லலாம். எட்டு மணிக்கு நடந்ததைச் சொல்லி, அதை உத்தரவில் பதிவு செய்யும்படி நடுவரிடம் கேட்க வேண்டும். அங்கே சொல்லாமல் விட்டதை வழக்கு விசாரணையில் முதன்முறையாகச் சொன்னால், பிறகு யோசித்துச் சேர்த்தது என்று எதிர்த் தரப்பு எளிதாகத் தள்ளிவிடும்.