128 ஜிபி இருந்தும் ரெக்கார்டிங் ஏன் திக்குகிறது?

செட்டாப் பாக்ஸில் செருகி டிவி நிகழ்ச்சியைப் பதிந்தால் பதிவு திக்குகிறது என்று இந்த மாதத்தில் என் மேசைக்கு வந்த ஆறாவது பென்டிரைவ் இது. காரைக்குடியைச் சுற்றி டிஷ், செட்டாப் பாக்ஸ், டிவி வேலை பார்க்கிறவன் நான். ஆறு பேரும் சொன்னது ஒரே வார்த்தை: "பாக்ஸ் சரியில்லை." ஆறில் ஒரு பாக்ஸில்கூடக் குறை இல்லை.

ஆறாவது, கானாடுகாத்தானில் ஓர் ஆச்சி வீட்டுப் பென்டிரைவ். முழங்கால் வலியால் கும்பாபிஷேகத்துக்குப் போக முடியாமல், நேரலையை மூன்று மணி நேரம் பதிவு செய்ய டைமர் வைத்திருக்கிறார். போட்டுப் பார்த்தால் நாலைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை படம் கட்டம் கட்டமாக உடைந்து, குரல் அறுந்து, தாவிப் போகிறது. 71வது நிமிடத்தோடு பதிவே நின்றுவிட்டது. கலசத்தில் நீர் ஊற்றியது அதற்கப்புறம்தான்.

"சிங்கப்பூர்ல இருந்து பேரன் கொண்டாந்தது தம்பி, 128 ஜிபி. இதுல இடம் இல்லையாக்கும்?" என்றார்.

இடம் இருந்தது ஆச்சி. நூறு ஜிபிக்கு மேல் சும்மாவே கிடந்தது. ஆனால் ஜிபி என்பது கொள்ளளவு, வேகம் அல்ல. இதை எத்தனை தடவை சொல்லியும் யாரும் காதில் வாங்குவதில்லை, கடைக்காரர் உட்பட. நம்ம ஊர்க்காரர்களுக்கு நம்ம ஊர்க் கணக்கிலேயே சொல்கிறேன். ஊருணி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் வரத்துக்கால் குறுகலாக இருந்தால், மழைத்தண்ணீர் கால்வாயிலேயே பொங்கி வழிந்து தெருவோடு போய்விடும். ஊருணி காலியாகத்தான் கிடக்கும். 32 ஜிபி திக்கியது என்று 64 வாங்குவதும், 64 திக்கியது என்று 128 வாங்குவதும் வரத்துக்காலைத் தொடாமல் ஊருணியை மட்டும் ஆழப்படுத்துகிற வேலை. அட்டையில் 'நூறு எம்பி வேகம்' என்று போட்டிருக்கிறதே என்பீர்கள். அது பெரும்பாலும் படிக்கிற வேகம். ரெக்கார்டிங்குக்கு வேண்டியது எழுதுகிற வேகம். அதை அட்டையில் போடாமல் விடுவதற்குக் காரணம் இருக்கிறது.

சரி, எவ்வளவு வேகம் வேண்டும்? எச்டி சேனல் ஒன்று வினாடிக்குச் சுமார் 1 எம்பி அனுப்பும். சேனலுக்குச் சேனல் கொஞ்சம் கூடும், குறையும். நிமிடத்துக்கு 60 எம்பி, மணிக்கு 3.6 ஜிபி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆச்சியின் பென்டிரைவில் 3 ஜிபி கோப்பு ஒன்றைக் கம்ப்யூட்டரிலிருந்து ஏற்றிப் பார்த்தேன். 12 நிமிடம் ஆனது. வினாடிக்கு 4 எம்பிக்குச் சற்று மேல். தேவையைப்போல் நாலு மடங்கு இருக்கிறதே, அப்புறம் ஏன் திக்க வேண்டும்?

இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். 4 எம்பி என்பது சராசரி. காப்பி ஓடும்போது கம்ப்யூட்டர் திரையில் காட்டும் வேகக் கோட்டைக் கண் எடுக்காமல் பார்த்தேன். தொடக்கத்தில் ஜோராக ஏறியது, கம்ப்யூட்டர் தன் நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொள்வதால் வரும் பொய் வேகம் அது. பிறகு இறங்கி, அவ்வப்போது பூஜ்யத்தில் போய் மூன்று, நான்கு வினாடி அப்படியே நின்றது. மலிவான பென்டிரைவ் பழைய கட்டத்தை அழித்துப் புதிதாக எழுத இடம் ஒதுக்கும்போது இப்படி மூச்சு வாங்கும். எழுதி அழித்து எழுதி அழித்து நாளானால் இன்னும் அதிகமாக வாங்கும். கம்ப்யூட்டருக்கு அதனால் நட்டமில்லை, காத்திருந்து மிச்சத்தை அனுப்பும். ஒளிபரப்பு காத்திருக்காது. பாக்ஸிடம் பிடித்து வைத்துக்கொள்ள இருக்கும் இடமும் சில எம்பிதான், ஓரிரு வினாடிக்குத் தாங்கும். மூன்றாவது வினாடியில் வந்தது எழுதப்படாமலே போய்விடும். அதைத் திரும்ப எடுக்க எந்த மென்பொருளாலும் முடியாது. இல்லாததை எங்கிருந்து எடுப்பது?

குறை எங்கே என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். நேரலையைப் பார்க்கும்போதே உடைந்தால் டிஷ், கேபிள், மழை என்று பாருங்கள். நேரலை சுத்தமாக இருந்து பதிவு மட்டும் திக்கினால், அந்த இடத்தை இரண்டு தடவை ஓட்டிப் பாருங்கள். இரண்டு தடவையும் அதே வினாடியில் உடைந்தால் எழுதும்போதே போய்விட்டது. வேறு வேறு இடத்தில் உடைந்தால் பதிவு நன்றாக இருக்கிறது, படிப்பதில்தான் சிக்கல். கம்ப்யூட்டருக்கு மாற்றி ஓட்டிப் பாருங்கள்.

இனி அந்த 71வது நிமிடம். கோப்பின் அளவைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது: 4 ஜிபி. 64 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள பென்டிரைவ்கள் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் என்ற, கோப்புகளை அடுக்கி வைக்கும் வடிவத்தில் வரும். ஆச்சியின் பாக்ஸ் அதை ஏற்கவில்லை. பேரன் கம்ப்யூட்டரில் வைத்து ஃபேட்32 ஆக மாற்றித் தந்திருக்கிறார். பாக்ஸ் ஏற்றுக்கொண்டது, எல்லாருக்கும் சந்தோஷம். ஆனால் ஃபேட்32இல் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. வினாடிக்கு 1 எம்பி கணக்கில் 71 நிமிடத்தில் அந்தச் சுவர் வந்துவிடும். நல்ல பாக்ஸ் அங்கே அடுத்த கோப்பைத் தொடங்கிவிடும். சில பாக்ஸ் சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்திவிடும். இது அந்த ரகம்.

என்ன செய்தேன்? பையில் இருந்த, மூச்சு வாங்காமல் எழுதும் என் சின்ன எஸ்எஸ்டியை மாட்டி, பாக்ஸின் மெனுவிலேயே என்டிஎஃப்எஸ் ஆக ஃபார்மட் செய்தேன். அந்த வடிவத்தில் 4 ஜிபிச் சுவர் கிடையாது. மெனுவில் அந்த வசதி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள், பாக்ஸுக்கு எது ஒத்துவரும் என்று அதற்குத்தான் தெரியும். இல்லாதவர்கள் விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து இப்படிச் செய்யலாம்:

```
format E: /FS:NTFS /A:64K /Q
```

E என்ற இடத்தில் உங்கள் டிரைவின் எழுத்தைப் போடுங்கள். இரண்டு தடவை பார்த்துவிட்டு என்டர் தட்டுங்கள், அதில் இருந்தது எல்லாம் அழிந்துவிடும். 64K என்பது பெரிய பெரிய துண்டாக எழுதச் சொல்வது, வீடியோவுக்கு அதுதான் வசதி. முதலில் பாக்ஸ் என்டிஎஃப்எஸ்ஸில் எழுதுமா என்று பாருங்கள். சில பாக்ஸ் படிக்கும், எழுதாது.

அன்று இரவு அதே எச்டி சேனலை மூன்று மணி நேரம் ஓடவிட்டுப் பதிந்தோம். சுமார் 11 ஜிபியில் ஒரே கோப்பு, ஓர் இடத்திலும் திக்கவில்லை. பாக்ஸின் யுஎஸ்பி பழைய 2.0தான், அதுவே இதற்குத் தாராளம். ஹார்ட் டிஸ்க்கும் ஆகும். ஆனால் மாட்டியதும் டக், டக் என்று சத்தம் வந்தால் பாக்ஸ் தரும் கரண்ட் போதவில்லை என்று அர்த்தம், தனி அடாப்டர் உள்ள ஹப் வாங்குங்கள்.

டிவியிலேயே பதிகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். டிவி ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்டால், உள்ளே பேரப்பிள்ளைகள் படம் ஏதும் இல்லை என்று உறுதி செய்த பிறகே சரி சொல்லுங்கள். பல டிவிகள் தமக்கே உரிய வடிவத்தில் பூட்டி எழுதும், அது வேறு டிவியில் ஓடாது. அந்த டிரைவைக் கம்ப்யூட்டரில் செருகினால் You need to format the disk என்று வரும். தயவுசெய்து கேன்சல் கொடுங்கள். போன வாரம் ஒருவர் சரி கொடுத்துவிட்டு, மகள் வளைகாப்பு வந்த டிவி நிகழ்ச்சியை மீட்டுத் தரச் சொல்லி என் கடை வாசலில் நின்றார். மெயின் போர்டு மாற்றினாலும் பழைய பதிவுகள் திறக்காமல் போகலாம், சர்வீஸுக்குக் கொடுக்கும் முன் பார்த்துவிடுங்கள்.

முக்கியமான நிகழ்ச்சி என்றால் முந்தின நாளே அதே சேனலை, அதே நேர அளவுக்குப் பதிந்து பாருங்கள். ஐந்து நிமிடம் பதிந்து பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று போய்ப் படுக்காதீர்கள். 4 ஜிபிச் சுவர் ஐந்து நிமிடத்தில் வராது.

ஆச்சி அந்த 128 ஜிபியைக் காரில் பாட்டுக் கேட்கக் கொடுத்துவிட்டார். அதற்கு அது நன்றாகவே ஓடுகிறது.