காலாவதியான நோட்டிஃபிகேஷனை எழுப்பி அனுப்பாதீர்கள்

இன்னொரு குழுவிடமிருந்து அதே கதை வந்திருக்கிறது. இந்த முறையாவது எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

ஐஃபோன்களுக்கு நோட்டிஃபிகேஷன் அனுப்ப ஆப்பிளின் சேவையான ஏபிஎன்எஸ்ஸிடம் கையெழுத்துச் சாவி ஒன்று வேண்டும். இவர்கள் ஒரு நாள் இரவு பழைய சாவியை ரத்து செய்துவிட்டுப் புதியதைப் போட்டிருக்கிறார்கள். அனுப்பும் வேலையைச் செய்கிற வொர்க்கரில் மட்டும் பழைய சாவியே இருந்துவிட்டது. ஏபிஎன்எஸ் ஒவ்வொன்றுக்கும் `403 InvalidProviderToken` என்று திருப்பிக்கொண்டே இருந்தது. அனுப்ப வேண்டிய மெசேஜ்கள் காத்திருக்கும் க்யூவோ அமேசானின் எஸ்க்யூஎஸ். அதில் `maxReceiveCount` 5, விசிபிலிட்டி டைம்அவுட் 30 விநாடி. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு மெசேஜுக்கு ஐந்து முயற்சி, ஒவ்வொன்றுக்கும் நடுவே அரை நிமிடம். மொத்தம் இரண்டரை நிமிடத்தில் அது, தவறிய மெசேஜ்களை ஒதுக்கி வைக்கும் டெட் லெட்டர் க்யூவுக்கு, அதாவது டிஎல்க்யூவுக்குப் போய்விடும். அன்று இரவு ஐஃபோன்களுக்குப் புறப்பட்ட எல்லாமே அப்படித்தான் போய்ச் சேர்ந்தது.

காலையில் சாவியைச் சரிசெய்தார்கள். அதோடு விட்டிருக்கலாம். டிஎல்க்யூவில் கிடந்ததை எல்லாம் ஒரே சொடுக்கில் ரீட்ரைவ் செய்து பழைய க்யூவுக்கே திருப்பி அனுப்பினார்கள். முந்தைய இரவு கேட்ட ஓடிபி காலை உணவு நேரத்தில் வந்தது. "இன்னும் ஒரு மணி நேரத்தில் உங்கள் சந்திப்பு" என்ற நினைவூட்டல், சந்திப்பு முடிந்து மறுநாள் வந்தது. எல்லாவற்றையும் விட மோசம், "புதிய சாதனத்திலிருந்து உங்கள் கணக்கில் நுழைந்திருக்கிறார்கள்" என்ற எச்சரிக்கை. அதில் நேரம் எதுவும் எழுதியிருக்கவில்லை. இப்போதுதான் யாரோ நுழைகிறார்கள் என்று பயந்து ஆட்கள் கடவுச்சொல்லை மாற்றினார்கள், வாடிக்கையாளர் சேவைக்கு வரிசையாக அழைத்தார்கள். இரவில் எதுவும் வராததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காலையில் வந்ததுதான் தலைவலியானது.

இதற்கெல்லாம் வேர் ஒரே ஒரு நம்பிக்கை. எந்தக் குழுவிடம் கேட்டாலும் அதே வரியைச் சொல்வார்கள்: "டிஎல்க்யூவில்தானே இருக்கிறது, எதுவும் தொலையவில்லை, அப்புறம் அனுப்பிக்கலாம்." பணப் பரிமாற்றத்துக்கு, ஆர்டருக்கு இது சரி. ஆர்டர் நாளைக்கும் ஆர்டர்தான். நோட்டிஃபிகேஷன் அப்படியில்லை, அதற்கு ஆயுள் உண்டு. ஐந்து நிமிட ஓடிபி ஆறாவது நிமிடத்தில் வெறும் இரைச்சல். அதை 'தொலையாமல்' வைத்திருந்து என்ன பயன்? மெசேஜ் பத்திரமாக இருக்கிறதா என்று கேட்பவர்கள், அது இன்னும் யாருக்காவது வேண்டுமா என்று கேட்பதே இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்காத வரை எத்தனை முறை ரீட்ரை செய்வது என்ற விவாதத்துக்கு அர்த்தமே கிடையாது. "மூன்று முறையா ஐந்து முறையா" என்று கூட்டம் போட்டு வாதாடுவதைப் பார்த்திருக்கிறேன். எண்ணிக்கை அல்ல விஷயம், நேரம்.

ஆகவே முதல் வேலை: மெசேஜ் பிறக்கும்போதே அதோடு `expires_at` போகட்டும். ஓடிபிக்கு அது செல்லுபடியாகும் நேரம். சந்திப்பு நினைவூட்டலுக்குச் சந்திப்பு தொடங்கும் நேரம். "கட்டணம் வரவில்லை, மூன்று நாளில் சேவை நின்றுவிடும்" என்பதற்கு அந்த மூன்று நாள். இதை முடிவு செய்ய வேண்டியவர் அந்த வசதியை வடிவமைத்தவர், க்யூவைப் பராமரிப்பவர் அல்ல. அவர் "எதுவாக இருந்தால் என்ன, ஒரு நாள் போடுங்கள்" என்று சொன்னால் விடாதீர்கள். ஒரு நாள் கழித்து இந்த வாசகம் உங்கள் ஃபோனில் வந்தால் என்ன நினைப்பீர்கள் என்று கேளுங்கள், உடனே எண் குறையும்.

இரண்டாவது, வந்த பதிலைப் படியுங்கள். அனுப்பத் தவறியது எல்லாம் ஒரே ரகம் இல்லை. இந்த விலாசமே இனி இல்லை என்பது ஒன்று. ஏபிஎன்எஸ் `410 Unregistered` என்று சொல்லும், கூகுளின் நோட்டிஃபிகேஷன் சேவையான எஃப்சிஎம் `404`-உடன் `UNREGISTERED` என்று சொல்லும். ஆப்பை நீக்கிவிட்டார்கள், கதை முடிந்தது. நூறு முறை தட்டினாலும் திறக்காது. அந்த ஃபோனின் விலாசமான டோக்கனை அழித்துவிட்டு நகருங்கள். இதை டிஎல்க்யூவில் போட வேண்டிய அவசியமே இல்லை, எண்ணிக்கையில் சேர்த்தால் போதும். இன்னொன்று, `429`, `503` மாதிரியானவை. இப்போது முடியாது, கொஞ்சம் பொறுத்து வா என்று அர்த்தம். `Retry-After` வந்தால் அதை மதியுங்கள். வராவிட்டால் இடைவெளியை இரட்டிப்பாக்கிக்கொண்டே போங்கள், எல்லா வொர்க்கரும் ஒரே நொடியில் திரும்பப் போய் மோதாதபடி கொஞ்சம் தற்செயல் தாமதமும் சேருங்கள்.

டோக்கனை அழிக்கும் இடத்தில் ஒரு எச்சரிக்கை. `410`-உடன் ஏபிஎன்எஸ் ஒரு நேரமுத்திரையும் தருகிறது: டோக்கன் செல்லாது என்று அவர்களுக்கு உறுதியான நேரம். அதற்குப் பிறகு அதே டோக்கனை ஆப் உங்களிடம் மறுபடி பதிவு செய்திருந்தால் அழிக்காதீர்கள், பயனர் திரும்பி வந்துவிட்டார். எஃப்சிஎம்மின் `INVALID_ARGUMENT`-ஐப் பார்த்த மாத்திரத்தில் அழிப்பது இன்னும் ஆபத்து. நீங்கள் அனுப்பிய உள்ளடக்கம் பிசகியிருந்தாலும் அதே பதில்தான் வரும். தவறு உங்கள் ஜேசானில், தண்டனை பயனரின் டோக்கனுக்கா?

மூன்றாவது ரகம்தான் நம் கதையில் வந்தது. கோளாறு மெசேஜிலும் இல்லை, பெறுபவரிடமும் இல்லை, மொத்தத் தடமும் அடைபட்டிருக்கிறது. சாவி செல்லவில்லை, அல்லது எதிர்த்தரப்பு சேவையே படுத்துவிட்டது. இந்த நேரத்தில் ஒவ்வொரு மெசேஜாக எடுத்து அதன் ஐந்து முயற்சியையும் செலவழிப்பது வீண். மின்சாரம் போன வீட்டில் ஒவ்வொரு பல்பாகக் கழற்றி மாட்டிப் பார்க்கிற வேலை அது. கடந்த ஒரு நிமிடத்தில் அந்தத் தடத்தில் போனது அநேகமாக எல்லாமே ஒரே பிழையோடு திரும்பியிருந்தால், க்யூவிலிருந்து எடுப்பதையே நிறுத்துங்கள். எடுக்காத மெசேஜுக்கு எண்ணிக்கை ஏறாது, அது டிஎல்க்யூவுக்கும் போகாது. நிமிடத்துக்கு ஒன்று மட்டும் அனுப்பிப் பாருங்கள். அது போனதும் மற்றதைத் திறந்துவிடுங்கள். தடை நீண்டதா, காலாவதியானவை தானாகவே கழிந்துவிடும், ஏனென்றால் வொர்க்கர் முதலில் பார்ப்பதே ஆயுளைத்தான்:

```python
if now() >= msg.expires_at:
    count("expired"); delete(msg)
elif channel_down():
    pause_channel()
else:
    r = send(msg)
    if r.ok:
        delete(msg)
    elif r.token_dead:
        forget_token(msg, r); delete(msg)
    elif r.temporary or r.channel_fault:
        retry_later(msg, r)
    else:
        dead_letter(msg, r)
```

வரிசை முக்கியம். ஆயுள் சோதனை கீழே போனால் இந்தக் கட்டுரை முழுவதும் வீண்.

சரி, இதற்குப் பிறகு டிஎல்க்யூவில் என்னதான் மிஞ்சும்? படிக்கவே முடியாத மெசேஜ், இல்லாத டெம்ப்ளேட்டைக் கேட்கிற மெசேஜ், எடுத்தவுடன் வொர்க்கரைக் கவிழ்க்கிற மெசேஜ், யாரும் எதிர்பார்க்காத பிழை. அதாவது ஒரு மனிதர் பார்த்தே தீர வேண்டியவை மட்டும். சாதாரண நாளில் அது காலியாக இருக்கும். அப்போதுதான் ஒன்று விழுந்தாலே அலாரம் அடிக்க வைக்க முடியும். பல இடங்களில் டிஎல்க்யூ அலாரத்தை மௌனமாக்கி வைத்திருக்கிறார்கள், காரணம் செத்த டோக்கன் எல்லாம் அதில் போய் விழுவதுதான். அந்தக் குப்பைக்குள்ளேதான் உண்மையான கோளாறும் கிடக்கும், யாரும் பார்க்க மாட்டார்கள்.

அதில் போடும்போது கடைசியாக வந்த பிழை, முதல் முயற்சியின் நேரம், `expires_at`, வொர்க்கரின் பதிப்பு இவ்வளவையும் ஒட்டி அனுப்புங்கள். வெறும் மெசேஜை வைத்துக்கொண்டு ஏன் செத்தது என்று துப்பறிவது கொடுமை. ஓடிபியையும் சொந்தத் தகவலையும் மறைத்துவிட்டுப் போடுங்கள், தயவுசெய்து. பாதுகாப்புத் தணிக்கைக்காரர்கள் தேடிப் பார்க்கிற முதல் இடங்களில் அதுவும் ஒன்று.

எஸ்க்யூஎஸ் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு விஷயம். சாதாரண க்யூவில் மெசேஜ் டிஎல்க்யூவுக்கு மாறும்போது அதன் வயது பூஜ்யமாவதில்லை. மெசேஜை வைத்திருக்கும் காலமாக இரண்டுக்கும் இயல்பான 4 நாளையே விட்டிருந்தால், மூன்று நாள் முதல் க்யூவில் கிடந்தது டிஎல்க்யூவில் ஒரு நாள்தான் இருக்கும், திங்கட்கிழமை வந்து பார்த்தால் காணாமல் போயிருக்கும். டிஎல்க்யூவுக்கு அதிகபட்சமான 14 நாளைக் கொடுங்கள். அப்புறம், அந்த ரீட்ரைவ் பொத்தான் எதையும் வடிகட்டாது, உள்ளே இருப்பதை எல்லாம் தள்ளிவிடும். விநாடிக்கு எத்தனை என்ற வேகத்தை மட்டும் கட்டுப்படுத்தலாம். வொர்க்கரில் ஆயுள் சோதனை இல்லாமல் அதைத் தொடாதீர்கள்.

இன்னொரு ஓட்டையை அநேகமாக எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். நீங்கள் நிறுத்திவிட்டீர்கள், எஃப்சிஎம் நிறுத்தவில்லை. மெசேஜை ஏற்றுக்கொண்டு `200` சொன்ன பிறகு, ஃபோன் அணைந்திருந்தால் அவர்களே வைத்திருந்து அனுப்புவார்கள். நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் அந்தக் காத்திருப்பு 4 வாரம் வரை போகும். உங்கள் க்யூ ஐந்து நிமிடத்தில் கைவிட வேண்டிய ஓடிபி, ஃபோனை மறுநாள் திறந்ததும் வந்து நிற்கும். ஆகவே அந்த `expires_at` உங்கள் வாசலோடு நிற்கக்கூடாது. எஃப்சிஎம்முக்கு ஆண்ட்ராய்ட் பகுதியில் `ttl`-ஆகப் போகட்டும், அனுப்பும் கணத்தில் மிச்சமிருக்கும் விநாடிகளைக் கணக்கிட்டு, உதாரணமாக `"210s"` என்று. ஏபிஎன்எஸ்ஸுக்கு `apns-expiration` என்ற ஹெடரில் காலாவதியாகும் நேரத்தை யூனிக்ஸ் விநாடிகளில் கொடுங்கள். மின்னஞ்சலில் இப்படி ஒரு திருகாணியே கையில் இல்லை. எஸ்எம்டிபி விதிகள் அனுப்பும் சர்வரைக் குறைந்தது 4-5 நாள் முயலச் சொல்கின்றன, பல சர்வர்கள் அப்படியே செய்கின்றன. உங்கள் சர்வரில் அந்தக் கெடுவைக் குறைக்க முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் உள்நுழைவு எச்சரிக்கை மின்னஞ்சலில் எந்தத் தேதியில் எத்தனை மணிக்கு நடந்தது என்று முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.