தைராய்டு மாத்திரையும் ஆறேகால் மணி காபியும்

தைராய்டு குறைவு என்று தெரிந்ததும் பெரும்பாலான வீடுகளில் முதலில் நிறுத்தப்படுவது முட்டைகோஸ் பொரியல்தான். மாத்திரை போட்ட கால் மணி நேரத்தில் குடிக்கும் ஃபில்டர் காபி மட்டும் அப்படியே தொடரும். உண்மையில் தொந்தரவு தருவது பெரும்பாலும் அந்தக் காபிதான்.

அந்த மாத்திரையில் உள்ள மருந்தான லிவோதைராக்சின் குடலில் மெதுவாகத்தான் உறிஞ்சப்படுகிறது, அதுவும் முழுதாக அல்ல. வயிற்றில் காபியோ உணவோ இருந்தால் இன்னும் குறையும். கால்சியமும் இரும்பும் மருந்தோடு ஒட்டிக்கொண்டு, அதை ரத்தத்தில் சேரவிடாமல் வெளியே கொண்டுபோய்விடும். மருந்தின் அளவு மைக்ரோகிராமில் இருப்பதால், கொஞ்சம் வீணானாலும், தைராய்டு ஹார்மோன் போதாதபோது ரத்தத்தில் உயரும் டி.எஸ்.எச். அளவில் அது தெரிந்துவிடும்.

கிளினிக்கில் அடிக்கடி பார்க்கும் நிலைமை இது. அறுபது கிலோ எடையுள்ள பெண், நாற்பதைத் தாண்டியவர். தினமும் 100 மைக்ரோகிராம் மாத்திரை, ஒரு நாளும் விட்டதில்லை. அந்த எடைக்கு அது பொதுவாகப் போதுமான அளவுதான். ஆனாலும் டி.எஸ்.எச். 9 என்று அதிகமாகவே வருகிறது. விசாரித்தால் காலை ஆறு மணிக்கு மாத்திரை, ஆறேகாலுக்குக் காபி, எட்டு மணிக்குக் கேழ்வரகுக் கஞ்சி, கஞ்சி குடித்த கையோடு எலும்புக்காக ஒரு கால்சியம் மாத்திரை. கேழ்வரகிலேயே 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, அதற்கு மேல் மாத்திரையும் சேர்கிறது.

இங்கே செய்யக்கூடாதது, நேரத்தைச் சரிசெய்யாமல் மருந்தை 125-க்கு ஏற்றுவது. பிறகு ஒருநாள் அவர் காபியைத் தள்ளிவைத்தால் அதே 125 அதிகமாகிப் படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை என்று வந்து நிற்பார்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஆறு மணிக்கு ஒரு டம்ளர் தண்ணீரோடு மாத்திரை. காபி ஏழு மணிக்கு. அரை மணி நேரம் என்பது குறைந்தபட்சம், ஒரு மணி நேரம் விட்டால் நல்லது. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். ஆகவே இரும்பு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, கால்சியம் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு. கர்ப்பிணிகளுக்கு இந்த இரண்டு மாத்திரைகளும் கொடுக்கப்படுவதால் அவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். எழுந்ததும் காபி இல்லாமல் முடியாது என்பவர்கள் டாக்டரிடம் கேட்டு மாத்திரையை இரவுக்கு மாற்றிக்கொள்ளலாம், கடைசியாகச் சாப்பிட்டு மூன்று மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். அப்போது கால்சியத்தை மதியத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும்.

இனி முட்டைகோஸ். முட்டைகோஸிலும் காலிஃப்ளவர், முள்ளங்கியிலும் உள்ள சில பொருட்கள், தைராய்டு சுரப்பி அயோடினை எடுத்துக்கொள்வதைத் தடுக்கும். அவற்றை உருவாக்கும் நொதி, வேகவைத்தால் பெருமளவு செயலிழந்துவிடும். இந்தக் குடும்பக் கீரையால் ஒரு மூதாட்டி தைராய்டு குறைவின் தீவிர நிலைக்குப் போனதாக 2010-இல் ஒரு மருத்துவ இதழில் பதிவானது உண்டு. அந்த மூதாட்டி தினமும் ஒரு கிலோவுக்கு மேல் பாக் சாய் கீரையைப் பச்சையாக மாதக்கணக்கில் சாப்பிட்டவர். வாரம் இரண்டு நாள் பொரியலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பச்சை முட்டைகோஸ் ஜூஸ் தினமும் குடிப்பவர்கள் மட்டும் நிறுத்துங்கள்.

கம்பு கொஞ்சம் வேறு மாதிரி. அதன் தவிட்டுப் பகுதியில் உள்ள ஃபிளேவனாய்டுகள், ஹார்மோன் தயாரிக்கும் நொதியையே தடுக்கின்றன. சமைத்தாலும் அவை அழிவதில்லை. சூடானின் டார்ஃபூர் பகுதியில் கம்பையே முக்கிய உணவாகக் கொண்ட கிராமங்களில் முன்கழுத்துக் கழலை அதிகமாக இருந்ததை வைத்துத்தான் இது ஆராயப்பட்டது. அயோடின் போதுமான அளவு கிடைக்கும் வீட்டில் வாரம் இரண்டு மூன்று முறை கம்பங்கூழ் குடிப்பதில் பயமில்லை. மூன்று வேளையும் கம்பு, சமையலுக்கு அயோடின் சேர்க்காத கல் உப்பு என்று இரண்டும் சேரும்போதுதான் சிக்கல். 'சிறுதானிய டயட்'டுக்கு மாறுபவர்கள் பலர் உப்பையும் கல் உப்புக்கோ இந்துப்புக்கோ மாற்றிவிடுகிறார்கள் என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குத் தேவை 150 மைக்ரோகிராம் அயோடின், கர்ப்ப காலத்தில் 250. அயோடின் கலந்த உப்பில் ஒரு கிராமுக்குக் குறைந்தது 15 மைக்ரோகிராம் இருக்க வேண்டும். ஐந்து கிராம் உப்பில் பாதித் தேவை தீரும், மீதிக்குப் பால், முட்டை, கடல் மீன் உதவும். உப்பை மூடிய ஜாடியில், அடுப்பை விட்டுத் தள்ளி வையுங்கள். ஈரமும் சூடும் பட்டால் அயோடின் குறையும்.

அதற்காகக் கடல்பாசி மாத்திரை வாங்கிவிடாதீர்கள். நம் ஊரில் தைராய்டு குறைவுக்குப் பெரும்பாலும் காரணம், உடலின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்கும் ஹாஷிமோட்டோ நோய். அதில் அளவுக்கு மீறிய அயோடின் நிலைமையை மோசமாக்கும்.

நேரத்தை மாற்றிய பிறகு ஆறு முதல் எட்டு வாரம் கழித்து டி.எஸ்.எச். பாருங்கள். அதற்கு முன் பார்த்தால் பழைய நிலையின் மிச்சம்தான் தெரியும். காலையில் மாத்திரை போடுபவர்கள், பரிசோதனை நாளில் ரத்தம் கொடுத்துவிட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.