நாலாவது லாரி எடைமேடையில் ஏறியபோது

கிருஷ்ணகிரியில் மே மாதம் பிறந்துவிட்டால் மாம்பழக்கூழ் ஆலைகளின் வாசலில் லாரிகள் வரிசை கட்டத் தொடங்கிவிடும். எங்கள் ஊரில் பெங்களூரா என்று சொல்லும் காய்தான் கூழுக்கு அதிகம் போகிறது. வெளியூரில் அதைத் தோத்தாபுரி என்பார்கள், கிளிமூக்கு என்றும் சொல்வார்கள். இந்த ஆலைகளுக்கு வாயில் பதிவும் எடைச்சீட்டும் போடும் மென்பொருள் எழுதிக் கொடுப்பது என் தொழில். ஒரு பருவத்தில் நானே எழுதிக் கொடுத்த வேலைமுறை ஓர் ஆலையை அசையாமல் நிறுத்திவிட்டது. வேலைமுறைகளைப் படமாகப் போட்டுக் கையெழுத்து வாங்கும் எல்லோருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

மதியம் எடைமேடை ஆபரேட்டர் போன் செய்தார். "சார், ஒரு வண்டிகூட நகர மாட்டேங்குது. சாப்ட்வேர் லாக் ஆயிடுச்சு போல, சீக்கிரம் வாங்க." போய்ப் பார்த்தால் மென்பொருள் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. எடைமேடை மேல் காய் நிறைந்த லாரி ஒன்று நின்றது. உள்ளே மூன்று பிளாட்பாரங்களிலும் காய் இறக்கி முடித்த வெறும் லாரிகள் நின்றன. எடைமேடைக்குப் பின்னால் தார்ச்சாலை வரைக்கும் வண்டிகள் முட்டிக்கொண்டு நின்றன. ஓட்டுநர்கள் புளியமர நிழலில் உட்கார்ந்திருந்தார்கள்.

யாரும் எந்தத் தப்பும் செய்யவில்லை. அங்கே இருந்தவை மூன்று விதிகள். காயோடு வரும் லாரி முதலில் எடைமேடையில் ஏற வேண்டும். எந்தப் பிளாட்பாரம் என்று முடிவாகிச் சீட்டில் பதிந்த பிறகுதான் எடைமேடையை விட்டு இறங்க வேண்டும். ஒரு விவசாயியின் காய் இன்னொருவர் காயோடு கலந்துவிடக் கூடாது என்று ஆலைக்காரர்கள் கேட்டு வாங்கிய விதி அது. காய் இறக்கியதும் அதே எடைமேடையில் வெறும் வண்டியை எடை போட்டுவிட்டு வெளியேற வேண்டும். அன்றைக்கு மேலே நின்ற லாரி பிளாட்பாரம் காலியாகட்டும் என்று காத்திருந்தது. பிளாட்பாரத்து லாரிகள் எடைமேடை காலியாகட்டும் என்று காத்திருந்தன. பின்னால் வண்டிகள் நெருக்கி நின்றதால் மேலே இருந்த லாரியை ரிவர்ஸ் எடுக்கவும் வழியில்லை.

சாலையிலிருந்து ஒவ்வொரு வண்டியாகப் பின்னுக்கு எடுத்து, அந்தச் சீட்டை ரத்து செய்து, எடையைத் தாளில் எழுதிச் சரிசெய்ய ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. வெயிலில் நின்ற காய் சூடாகிவிட்டது என்று விவசாயிகள் சத்தம் போட்டார்கள். அவர்கள் கோபப்பட்டதில் நியாயம் இருந்தது.

வீட்டுக்கு வந்து, ஆலையோடு ஒப்புக்கொண்ட ஃப்ளோசார்ட்டை எடுத்து வைத்துப் பார்த்தேன். அம்புக்குறி ஒவ்வொன்றும் சரியாக இருந்தது. ஏற்று, எடை போடு, பிளாட்பாரம் கொடு, இறக்கு, திரும்ப எடை போடு, அனுப்பு. அந்தப் படத்தில் பிழையே இல்லை, ஏனென்றால் அது ஒரே ஒரு லாரியின் கதை. சிக்கல் நான்கு லாரிகளுக்கு நடுவில் இருந்தது. ஒரு வண்டியின் பாதையை எத்தனை தடவை சரிபார்த்தாலும் அது கண்ணில் படாது.

இதற்குப் பொருத்தமான படம் பெட்ரி வலை. ஜெர்மானியக் கணிதவியலாளர் கார்ல் ஆடம் பெட்ரி 1962இல் தன் முனைவர் பட்ட ஆய்வேட்டில் கொடுத்த அடிப்படை அது. அதில் இரண்டு உருவங்கள்தான். வட்டம் என்றால் 'இடம்', அதாவது ஒரு நிலை அல்லது ஒரு வசதி. கட்டம் என்றால் 'நிகழ்வு'. வட்டத்துக்குள் போடும் புள்ளிதான் டோக்கன். ஒரு நிகழ்வுக்குள் அம்பு விடும் எல்லா வட்டங்களிலும் டோக்கன் இருந்தால்தான் அது நடக்கும். நடந்ததும் அந்த வட்டங்களிலிருந்து ஒவ்வொன்றை எடுத்துக்கொண்டு, அம்பு வெளியே போகும் வட்டங்களில் ஒவ்வொன்றை வைக்கும். (வாசலில் வாட்ச்மேன் கொடுக்கும் வரிசை எண் டோக்கனோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது யார் முன்னால் என்று சொல்லும், உள்ளே எத்தனை பேர் என்று சொல்லாது.)

அடுத்த வண்டி ஏற வெளியே ஒரு லாரி இருந்தால் போதாது, 'எடைமேடை காலி' என்ற வட்டத்திலும் ஒரு புள்ளி இருக்க வேண்டும். ஃப்ளோசார்ட்டில் அப்படி ஒரு வட்டமே கிடையாது. ஆலையின் முற்றத்தை எழுத்தில் கொடுத்தால் இவ்வளவுதான். இது டினா என்ற இலவசக் கருவி படிக்கும் வடிவம்:

```
tr T1 P1 P2 -> P3
tr T2 P3 P4 -> P5 P2
tr T3 P5 -> P6
tr T4 P6 P2 -> P7 P4
tr T5 P7 -> P2 P1
pl P1 (4)
pl P2 (1)
pl P4 (3)
```

P1 வெளியே நிற்கும் லாரி, P2 எடைமேடை காலி, P3 எடைமேடையில் காயோடு லாரி, P4 பிளாட்பாரம் காலி, P5 காய் இறங்கிக்கொண்டிருக்கும் லாரி, P6 இறக்கி முடித்து அங்கேயே நிற்கும் லாரி, P7 எடைமேடையில் வெறும் லாரி. T1 காயோடு எடைமேடையில் ஏறுவது, T2 பிளாட்பாரத்துக்குப் போவது, T3 காய் இறக்கி முடிப்பது, T4 வெறும் வண்டியாக எடைமேடையில் ஏறுவது, T5 வெளியேறுவது. pl வரிகளில் இருப்பது தொடக்கத்தில் வைக்கும் டோக்கன் எண்ணிக்கை. கடைசி நிகழ்வு லாரியைத் திரும்ப P1க்கே அனுப்புவதைக் கவனியுங்கள். அப்படி வளையமாக்காவிட்டால் எல்லா லாரியும் வேலை முடிந்து போன நிலையையும் கருவி 'நின்றுவிட்டது' என்றே காட்டும். நல்ல முடிவையும் கெட்ட முடிவையும் அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

இப்போது கையாலேயே நகர்த்திப் பாருங்கள். மேசை மேல் புளியங்கொட்டை வைத்தே செய்யலாம், நான் அப்படித்தான் செய்தேன். T1, T2 இரண்டையும் மூன்று தடவை நடத்தினால் மூன்று பிளாட்பாரமும் நிரம்பிவிடும். நாலாவது லாரிக்கு T1 நடத்துங்கள். அது எடைமேடையில் ஏறிவிட்டது. பிறகு T3 மூன்று தடவை நடக்கும், காய் இறங்கி முடியும். அதோடு சரி. T1க்கும் T4க்கும் எடைமேடை வேண்டும், காலியில்லை. T2க்குப் பிளாட்பாரம் வேண்டும், காலியில்லை. T3க்கும் T5க்கும் லாரியே இல்லை. எந்த நிகழ்வும் நடக்க முடியாத இந்த நிலைதான் டெட்லாக், தமிழில் முட்டுக்கட்டை.

அதில் என்னை உறுத்திய விஷயம் வேறு. ஆலை நின்றது கடைசிக் காய் இறங்கியபோது அல்ல, நாலாவது லாரி ஏறியபோதே நின்றுவிட்டது. அதற்குப் பிறகும் முக்கால் மணி நேரம் மூன்று பிளாட்பாரங்களிலும் ஆட்கள் சுறுசுறுப்பாக வேலை செய்துகொண்டிருந்தார்கள். பார்த்தவர்களுக்கு எல்லாம் ஓடுவதுபோலத்தான் இருந்தது. அதனால்தான் விசாரிக்கும்போது எல்லோரும் கடைசியாக நடந்ததையே காரணமாகச் சொன்னார்கள். கம்ப்யூட்டர் என்றார்கள், கரண்ட் என்றார்கள், மூன்றாவது பிளாட்பாரத்து ஓட்டுநர் டீ குடிக்கப் போனதுதான் என்றும் சொன்னார்கள்.

இன்னொன்று. P1இல் 4க்குப் பதில் 3 போட்டுக் கருவியை ஓட்டிப் பாருங்கள், முட்டுக்கட்டையே வராது. பருவத்துக்கு முன்னால் நாங்கள் ஒத்திகை பார்த்தது மூன்று வண்டிகளை வைத்துத்தான். ஆளுக்கொரு பிளாட்பாரம் இருந்ததால் அது அழகாக ஓடியது. நாலு வண்டி இருந்தாலும் தினமும் மாட்டாது. நாலாவது லாரி ஏறுவதற்கு முன் ஏதாவது ஒரு வெறும் லாரி முந்திக்கொண்டு ஏறிவிட்டால் தப்பித்துவிடும். வரத்து குறைவான நாட்களில் வாரக்கணக்கில் ஒன்றும் தெரியாது. வரத்து கூடும் நாளில்தான், அதாவது நிற்கவே கூடாத நாளில், இது வெளியே வரும்.

காரணத்தை எண்ணிக்கையிலேயே பிடிக்கலாம். P2, P4, P7 மூன்றையும் சேர்த்து எண்ணுங்கள். தொடக்கத்தில் 1, 3, 0, ஆக மொத்தம் 4. T1 நடந்தால் இந்தக் கூட்டில் ஒன்று குறையும். T4 நடந்தால் ஒன்று கூடும். மற்றவை கூட்டைத் தொடுவதில்லை. ஆனால் கூட்டும் அந்த T4 நடக்க இதே கூட்டிலிருந்து ஒரு டோக்கன், அதாவது எடைமேடை, தேவை. கூட்டு பூஜ்யமாகிவிட்டால் மறுபடி அதை நிரப்ப யாராலும் முடியாது. இப்படித் தன்னிடம் ஏதாவது இருந்தால்தான் தனக்குள் எதுவும் வரும் என்ற இடக்கூட்டத்துக்குப் பெட்ரி வலையில் சைபன் என்று பெயர். முட்டுக்கட்டையைத் தேடும்போது முதலில் தேட வேண்டியது, காலியாகக் கூடிய சைபன் இருக்கிறதா என்பதைத்தான்.

இந்தக் கூட்டு பூஜ்யமாவதும், காலி எடை போடாத லாரிகள் உள்ளே நாலு இருப்பதும் ஒன்றேதான். அப்படியானால் மூன்றுக்கு மேல் விடாமல் இருந்தால் போதும். படத்தில் 'அனுமதி' என்று ஒரு வட்டம் சேர்த்து 3 டோக்கன் வைத்தோம். T1 அதில் ஒன்றை எடுக்கும், T4 திருப்பி வைக்கும்:

```
tr T1 P1 P2 P8 -> P3
tr T4 P6 P2 -> P7 P4 P8
pl P8 (3)
```

நேரில் அது மூன்று மஞ்சள் தகடுகள். எடைமேடைக் கூண்டின் ஜன்னலோரம் ஆணியில் தொங்கும். தகடு இல்லாமல் எந்த லாரியும் காயோடு ஏற முடியாது. வெறும் வண்டி எடை போட வரும்போது ஓட்டுநர் தகட்டைத் திருப்பிக் கொடுப்பார். இதில் ஒரு சின்ன நஷ்டம் உண்டு. ஒரு லாரி கிளம்பி அடுத்தது எடை போட்டு வரும்வரை அந்தப் பிளாட்பாரம் சும்மா இருக்கும். ஆலை மேலாளர் அதற்குத் தயங்கினார். "முற்றத்துல ரெண்டு லாரி நிக்க இடம் ஒதுக்கிட்டா போதாதா சார்? எடை போட்டதும் அங்க போய் நிக்கட்டுமே" என்றார்.

கேட்க நியாயமாக இருந்தது. படத்தில் 'முற்றத்தில் காலியிடம்' என்று 2 டோக்கனோடு ஒரு வட்டம் சேர்த்து ஓட்டினோம். நாலு லாரியில் மாட்டவில்லை, ஐந்தில் மாட்டவில்லை, ஆறில் மாட்டியது. பிளாட்பாரத்தில் மூன்று, முற்றத்தில் இரண்டு, எடைமேடையில் ஒன்று. இடம் கூட்டினால் முட்டுக்கட்டை தள்ளித்தான் போகிறது. முற்றம் வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளலாம், அப்போதும் தகடு தேவை. எண்ணிக்கை மட்டும் ஐந்தாகும்.

இந்தப் படம் சொல்லாததும் உண்டு. அதில் நேரம் கிடையாது. முட்டுக்கட்டை வர முடியுமா என்று சொல்லும், ஒரு நாளில் எத்தனை தடவை வரும், லாரி சராசரியாக எவ்வளவு நேரம் காத்திருக்கும் என்று சொல்லாது. அதற்கு நேரம் சேர்த்த வலையோ சிமுலேஷனோ வேண்டும். அதோடு, படம் எதைத் தனி வட்டமாகக் காட்டுகிறதோ அதைத்தான் சோதிக்கும். அந்த ஆலையில் ஒரே ஃபோர்க்லிப்ட்தான் இருந்தது. அதை நான் முதலில் வட்டமாகப் போடவில்லை. பிறகு போட்டுப் பார்த்தபோது நல்லவேளையாக வேறு முட்டுக்கட்டை வரவில்லை. இறக்கும்போது எடுத்து இறக்கும்போதே விட்டுவிடுகிறார்கள், வேறெதற்காகவும் அதைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பதில்லை.

இப்போது யாராவது வேலைமுறைப் படம் கொண்டுவந்தால் முதலில் ஒன்றைத்தான் கேட்கிறேன்: எந்தப் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு எந்தப் பொருளுக்காகக் காத்திருக்கிறீர்கள்? இரண்டு பேர் எதிரெதிராக அதே இரண்டு பொருளைச் சொன்னால் உடனே வட்டம் போட ஆரம்பித்துவிடுவேன்.

போன பருவம் முடிந்ததும் அதே ஆலையில் நாலாவது பிளாட்பாரம் கட்டினார்கள். ஆபரேட்டர் போன் செய்து, "சார், இன்னொரு தகடு அடிக்கட்டுமா?" என்று கேட்டார். முற்றத்தில் யாரையும் நிறுத்தப் போவதில்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டு, நாலு போதும், ஐந்தாவது ஆணியே அடிக்காதீர்கள் என்று சொன்னேன்.