ரோட்ல படுத்திருக்கிற நாயை லைடார் பார்த்துச்சு, நம்ம புரோகிராம் தான் அழிச்சுது

சின்ன அவுட்டோர் வண்டிகளுக்கு, லேசர் விட்டு தூரம் அளக்கிற லைடார் வச்சு தடை கண்டுபிடிக்கிறது இப்போ நிறைய பேர் பண்றாங்க. கேம்பஸ்ல சாப்பாடு எடுத்துட்டுப் போற வண்டி, தோட்டத்துல மருந்தடிக்கிற வண்டி, செக்யூரிட்டி ரவுண்ட் போற வண்டின்னு எதை எடுத்தாலும் உள்ள ஓடுற முறை கிட்டத்தட்ட ஒண்ணு தான். வர்ற பாயின்ட்கள்ல தரை எதுன்னு கண்டுபிடிச்சு தூக்கிடணும், மிச்சம் இருக்கிறதை பக்கத்துல பக்கத்துல இருக்கிற கூட்டம் கூட்டமா பிரிக்கணும், ஒவ்வொரு கூட்டமும் ஒரு தடை. பார்க்க சுலபமா இருக்கு, டெமோலயும் அழகா ஓடும். ஆனா தரையோட ஒட்டிக் கிடக்கிற உயிர்கள் இந்த முறையில எப்படி காணாம போகுதுன்னு வண்டியை ரோட்ல விடுறவங்க கட்டாயம் தெரிஞ்சு வச்சிருக்கணும்னு தான் இதை எழுதுறேன்.

என்னைப் பார்க்கச் சொன்ன ஒரு வண்டியை வச்சே சொல்றேன். வேகம் செகண்டுக்கு 2 மீட்டர், 16 பீம் இருக்கிற விஎல்பி-16 லைடார், தரையில இருந்து 60 சென்டிமீட்டர் உயரத்துல மாட்டியிருந்தாங்க. இந்த லைடார்ல பீம் ஒவ்வொண்ணுக்கும் நடுவுல 2 டிகிரி இடைவெளி, கீழ்ப்பக்கம் பார்க்கிறது 1, 3, 5ன்னு ஆரம்பிச்சு 15 டிகிரி வரைக்கும் எட்டு பீம். உயரத்தை அந்த கோணத்தோட டேன்ஜென்ட்ல வகுத்தா ஒவ்வொரு பீமும் சமதரையில எங்க விழும்னு வந்துடும். 15 டிகிரி பீம் 2.24 மீட்டர்ல விழுது, 7 டிகிரி 4.9 மீட்டர்ல, 5 டிகிரி 6.86 மீட்டர்ல, 3 டிகிரி 11.4 மீட்டர்ல, 1 டிகிரி 34 மீட்டர்ல. அதாவது 11.4க்கும் 34க்கும் நடுவுல சமதரை மேல ஒரு பாயின்ட் கூட விழாது. ஸ்க்ரீன்ல கலர் கலரா வட்டங்கள் அடர்த்தியா தெரியறதால எல்லாத்தையும் பார்க்குதுன்னு தோணிடும், உண்மையில வட்டத்துக்கும் வட்டத்துக்கும் நடுவுல இருக்கிறது வெறும் இடம் தான்.

இந்த வண்டி கேம்பஸ்ல ஒரு சரிவு ஏறும் இடத்துல எப்பவும் பிரேக் போட்டு நின்னுட்டே இருந்துச்சு. காரணம் புரிஞ்சுக்கிறது கஷ்டம் இல்ல. தரையை எடுக்க ரான்சாக் போட்டிருந்தாங்க, அது வண்டி முன்னாடி இருக்கிற தரை முழுக்க ஒரே தட்டையான பலகைன்னு நினைச்சு ஒரு பிளேனைப் பொருத்தும், அதுக்கு 10 சென்டிமீட்டருக்குள்ள இருக்கிறதெல்லாம் தரைன்னு தூக்கிடும். 5 மீட்டர் தள்ளி 5 டிகிரி ஏத்தம் ஆரம்பிச்சா 3 டிகிரி பீம் அந்த ஏத்தத்து மேல 7.4 மீட்டர்லயே போய் அடிக்குது, அந்த இடம் பிளேனை விட 21 சென்டிமீட்டர் மேல இருக்கு. அதனால ரோடே குறுக்க கட்டின ஒரு குட்டிச் சுவர் மாதிரி வந்து நிக்குது, வண்டி நிக்காம என்ன பண்ணும். டீம்ல இதுக்கு பண்ணின வேலை த்ரெஷோல்டை 10ல இருந்து 25 ஆக்கினது. வண்டி அழகா ஏறிடுச்சு, எல்லாருக்கும் நிம்மதி.

அங்க தான் பிரச்சனையே. படுத்துத் தூங்குற தெருநாயோட உயரம் கிட்டத்தட்ட 25 சென்டிமீட்டர் தான் இருக்கும். த்ரெஷோல்டு 25ன்னு வச்ச உடனே அந்த நாய் எவ்வளவு தூரத்துல இருந்தாலும் எவ்வளவு கிட்ட வந்தாலும் தரை தான். கீழ விழுந்து கிடக்கிற ஆளும் கிட்டத்தட்ட அதே உயரம் தான், குழந்தைன்னா இன்னும் கம்மி. ஏத்தத்துல நிக்காம இருக்கணும்னு மாத்தின ஒரே ஒரு நம்பர் சமதரையில இருக்கிற உயிரை அழிச்சிடுது, லாக்ல எந்த எர்ரரும் வராது, எந்த டெஸ்டும் ஃபெயில் ஆகாது.

சரி த்ரெஷோல்டை மறுபடி 10 ஆக்கிடலாம்னா அதோட முடியல. நாய் 8 மீட்டர்ல இருக்குன்னு வைங்க. 3 டிகிரி பீம் அந்த இடத்துல 18 சென்டிமீட்டர் உயரத்துல போகும், நாய் மேல படும். 5 டிகிரி பீம் அதுக்கு முன்னாடியே தரையில விழுந்துடும். ஆக நாய் மேல விழுறது ஒரே ஒரு வரி பாயின்ட். கிடைமட்டமா 0.2 டிகிரிக்கு ஒண்ணுன்னா 8 மீட்டர்ல பாயின்ட்டுக்கு பாயின்ட் 2.8 சென்டிமீட்டர், 60 சென்டிமீட்டர் அகலத்துக்கு சுமார் 21 பாயின்ட் வரும். 21ன்னா போதுமே. ஆனா வேகமா ஓடணும்னு முன்னாடியே 10 சென்டிமீட்டர் கட்டத்துக்கு ஒரு பாயின்ட் மட்டும் விடுற வாக்சல் ஃபில்டர் போட்டிருப்பாங்க, அது இந்த 21ஐ ஆறோ ஏழோ ஆக்கிடும். அப்புறம் கூட்டம் பிரிக்கிற கிளஸ்டர் ஸ்டெப்ல தூசி, இலை எல்லாம் வரக்கூடாதுன்னு பத்து பாயின்ட்டுக்குக் கம்மியான கூட்டத்தைத் தள்ளுற `setMinClusterSize(10)` இருக்கும். நாய் போச்சு. வாக்சல் போட்டது தப்பில்ல, குறைஞ்சபட்ச எண்ணிக்கை வச்சது தப்பில்ல, தனித்தனியா பார்த்தா எல்லாமே நியாயமான நம்பர், சேர்ந்து ஓடும்போது தான் தடை காணாம போகுது.

நிக்கிற ஆளுக்கும் இது நடக்கும். 15 மீட்டர்ல ரெண்டு பீமுக்கு நடுவுல 52 சென்டிமீட்டர் உயர இடைவெளி. அங்க நிக்கிற ஒருத்தர் மேல மூணு வரி தான் விழும், வரிக்கு எட்டு ஒன்பது பாயின்ட். எவ்வளவு பக்கத்துல இருந்தா ஒரே கூட்டம்னு சொல்ற கிளஸ்டர் டாலரன்ஸ் 0.5 மீட்டர்னா கூட மூணு வரியும் ஒண்ணு சேராது, மூணும் தனித்தனி குட்டி கூட்டமா நின்னு மூணுமே பத்துக்குக் கம்மின்னு தள்ளுபடி ஆகிடும். இதுக்கு நான் பண்றது, தரையை எடுத்து, வண்டி உயரத்துக்கு மேல இருக்கிற மரக்கிளையெல்லாம் வெட்டின அப்புறம், z மதிப்பை சைஃபர் ஆக்கிட்டு மேல இருந்து பார்க்கிற மாதிரி கிளஸ்டர் பண்றது. குறைஞ்சபட்ச எண்ணிக்கையையும் ஒரே நம்பரா வைக்காம தூரத்துக்கு ஏத்த மாதிரி குறைச்சுக்கிட்டே போகணும். தூசி தொல்லையைக் குறைக்க எண்ணிக்கையைக் கூட்டுறதை விட, அஞ்சு ஃப்ரேம்ல மூணு தடவை அதே இடத்துல வந்தா தான் நம்புவேன்னு வைக்கிறது எவ்வளவோ பாதுகாப்பு.

இப்போ அந்த 8 மீட்டர் நாய் பிடிபட்டுடுச்சுன்னே வைங்க. வண்டி கிட்ட போகப் போக என்ன ஆகும்? 6.7 மீட்டருக்கு வந்ததும் 3 டிகிரி பீம் நாயோட முதுகுக்கு மேல தாண்டிப் போயிடும். 5 டிகிரி பீம் நாய் மேல படும், ஆனா அடியில. 6 மீட்டர்ல அது படுற உயரம் ஏழரை சென்டிமீட்டர். 10 சென்டிமீட்டருக்குக் கீழ, அதனால தரை. சுமார் 5.7 மீட்டர் வந்த அப்புறம் தான் மறுபடி தெரியும். நடுவுல ஒரு மீட்டர், அதாவது 10 ஹெர்ட்ஸ்ல அஞ்சு ஃப்ரேம், நாய் இல்ல. தடையை ஃப்ரேமுக்கு ஃப்ரேம் ஞாபகம் வச்சுக்கிற டிராக்கர் மூணு ஃப்ரேம் காணலன்னா அழிச்சிடும்னு செட் பண்ணியிருந்தா பார்த்த தடையையே மறந்துட்டு வண்டி வேகம் எடுக்கும். கிட்ட போனா நல்லா தெரியும்னு நாம நினைக்கிறோம், லைடார்ல அது எப்பவும் உண்மை இல்ல. அதனால வண்டி போற பாதைக்குள்ள ஒரு தடவை உறுதியான தடையை, அந்த இடத்துல தரை தான் இருக்குன்னு வேற பீம் காட்டுற வரைக்கும் டிராக்கர் விடக்கூடாது.

இதுக்கெல்லாம் அடிப்படையான விஷயம், சாய்வா போற பீமுக்கு உயரத்தை மட்டும் பார்க்கிறது ரொம்ப பலவீனமான அளவுகோல். அதே 6 மீட்டர் நாயை உயரத்துல பார்த்தா ஏழரை சென்டிமீட்டர், தூரத்துல பார்த்தா 6.86ல விழ வேண்டிய பீம் 6லயே திரும்பி வந்திருக்கு, 86 சென்டிமீட்டர் குறைச்சல். எவ்வளவு பெரிய சிக்னல் பாருங்க. ஏத்தம் வந்தாலும் தூரம் குறையும் தான், ஆனா அப்போ அந்த வரி முழுக்க ஒண்ணா, மெதுவா குறையும். நாய்னா வரியில நாலஞ்சு டிகிரி மட்டும் வெட்டின மாதிரி உள்ள வரும். ஏத்தத்தையும் நாயையும் பிரிக்கிறது இந்த வெட்டு தான். ரிங் வாரியா, அதாவது ஒவ்வொரு பீமுக்கும் தனித்தனியா, கோண வரிசையில தூரத்தை `r`ல எடுத்துட்டு இவ்வளவு செஞ்சா போதும்:

```python
from scipy.ndimage import median_filter
base = median_filter(r, size=101, mode='wrap')
hit = (base - r) > 0.4
```

101ங்கிறது 20 டிகிரி. பாயின்ட் திரும்பி வராத இடத்துல NaN விடாம அதிகபட்ச தூரத்தைப் போட்டு நிரப்புங்க, இல்லன்னா மீடியன் குழம்பிடும். `hit` அடுத்தடுத்து அஞ்சு பாயின்ட்டாவது வந்தா தடைன்னு எடுக்கலாம், புல் ஒண்ணு ரெண்டா தான் சிதறும். ரொம்ப கிட்ட வந்த பெரிய பொருள் 10 டிகிரிக்கு மேல அகலமா தெரியும்போது மீடியனே அந்தப் பொருளா மாறிடும், அந்த தூரத்துல பழைய உயர முறை தான் பிடிக்கணும், அதனால ரெண்டுல எது சொன்னாலும் தடைன்னு வைங்க. இதே கணக்கை திருப்பிப் போட்டா, தூரம் திடீர்னு கூடுற இடம் பள்ளமா இருக்கலாம். மூடி இல்லாத சாக்கடைக்கு உயர முறையை நம்ப முடியாது.

ரான்சாக் தான் வேணும்னா அதையாவது சுவர், வேலி பக்கம் போகாம கட்டிப் போடுங்க. குறுகலான பாதையில பெரிய மதில் இருந்தா அதையே தரைன்னு பொருத்திடும்.

```cpp
seg.setModelType(pcl::SACMODEL_PERPENDICULAR_PLANE);
seg.setAxis(Eigen::Vector3f(0, 0, 1));
seg.setEpsAngle(10.0 * M_PI / 180.0);
seg.setDistanceThreshold(0.10);
```

டெஸ்ட் பண்றதுக்கு 25 சென்டிமீட்டர் உயரம், 60 சென்டிமீட்டர் அகலத்துல ஒரு அட்டைப்பெட்டியை ரோட்ல வச்சு, 20 மீட்டர்ல இருந்து மெதுவா வண்டியை அது பக்கம் கொண்டுபோய் லைடார் டேட்டாவை பேக் ஃபைலா ரெக்கார்டு பண்ணுங்க. அப்புறம் பெட்டி இருக்கிற இடத்துல ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் எத்தனை பாயின்ட் மிஞ்சுதுன்னு தூரத்துக்கு எதிரா கிராஃப் போடுங்க: வந்தது எத்தனை, வாக்சலுக்கு அப்புறம் எத்தனை, தரை எடுத்த அப்புறம் எத்தனை, கிளஸ்டர்ல எத்தனை. எந்த ஸ்டெப்ல எந்த தூரத்துல சைஃபர் ஆகுதுன்னு கண்ணு முன்னாடி நிக்கும். 11.4ல இருந்து 20 மீட்டர் வரைக்கும் முதல் கோடே சைஃபரா இருக்கும், ஏன்னா அங்க 1 டிகிரி பீம் பெட்டிக்கு மேல போகுது, 3 டிகிரி பீம் முன்னாடியே தரையில விழுந்துடுது, அதை எந்த சாஃப்ட்வேரும் சரி பண்ணாது. பாயின்ட்களை ஸ்க்ரீன்ல காட்டுற ஆர்விஸ்ல பார்க்கும்போது தடைகளை மட்டும் காட்டாதீங்க, தூக்கின தரையையும் வேற கலர்ல போடுங்க. தப்பு எப்பவும் அந்த தூக்கின பாயின்ட்கள்ல தான் ஒளிஞ்சிருக்கும்.

கடைசியா, 2.24 மீட்டருக்குள்ள தரையில என்ன இருக்குன்னு இந்த லைடாருக்கு தெரியாது. செகண்டுக்கு 2 மீட்டர் வேகத்துல, அரை செகண்ட் தாமதம், 1.5 மீட்டர் பெர் செகண்ட் ஸ்கொயர் பிரேக்னா வண்டி நிக்க சுமார் 2.3 மீட்டர் வேணும், அதனால ஓடும்போது முன்கூட்டியே பிடிச்சே ஆகணும். ஆனா நின்னுட்டிருக்கிற வண்டி நிழல்ல முன் சக்கரத்துக்குப் பக்கத்துல நாய் வந்து படுக்கிறது நம்ம ஊர்ல தினமும் நடக்கிறது, அதை லைடார் ஒரு தடவை கூட பார்த்திருக்காது, டிராக்கர்லயும் இருக்காது. அதுக்கு முன் பம்பர்ல தாழ்வா அல்ட்ராசானிக் சென்சாரும், பட்டா உடனே மோட்டரை நிறுத்துற பம்பர் ஸ்விட்ச்சும் வேணும், வண்டி கிளம்புற முதல் 2 மீட்டரை நடக்கிற வேகத்துக்கும் கீழ வச்சுக்கணும்.