பச்சைக் குழந்தைக்கு "காய்ச்சல் தணிஞ்சிட்டுது" என்று காத்திருக்காதீர்கள்

பிறந்து 28 நாள் ஆகாத குழந்தைக்கு மேல் காய்ந்தால் வீட்டில் கை முதலில் போவது பரசிட்டமோல் போத்தலுக்குத்தான். தயவுசெய்து அதை எடுக்காதீர்கள்.

வைத்தியசாலையில் திரும்பத் திரும்ப நாங்கள் பார்ப்பது இதுதான். பன்னிரண்டு நாள் குழந்தை, மாலையில் 38.2 பாகை செல்சியஸ். மருந்து கொடுக்கிறார்கள். இரவு 37.2 ஆகிறது, எல்லோரும் நிம்மதியாகப் படுக்கிறார்கள். விடியப் பார்த்தால் பிள்ளை பாலுக்கு எழும்பவில்லை, வயிறுகூடக் குளிர்ந்திருக்கிறது, இப்போது 35.3. மருந்து இறக்கியது சூட்டை மட்டும். இரத்தத்தில் கிருமி இரவு முழுக்கப் பெருகியிருக்கிறது. 35.3 என்பது காய்ச்சல் விட்டதன் அடையாளமல்ல, சூட்டைத் தாங்கிப் பிடிக்கும் பலம் உடம்புக்குப் போய்விட்டதன் அடையாளம். குளிர்ந்த குழந்தை காயும் குழந்தையைவிடக் குறைந்த ஆபத்தில் இல்லை. "ஊசி போட்ட காய்ச்சல்" என்றும் சொல்லாதீர்கள். பிறந்தவுடன் போடும் பி.சி.ஜி. இப்படிக் காய்ச்சல் தருவதில்லை.

கையால் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது அளவீடல்ல. நெற்றிக்கு நேரே பிடிக்கும் கருவியும் வெயிலிலும் மின்விசிறிக் காற்றிலும் ஏமாற்றும். சாதாரண டிஜிட்டல் தேர்மோமீட்டர் போதும். குளிப்பாட்டியிருந்தால் இருபது நிமிடம் பொறுங்கள். கமக்கட்டை ஈரமில்லாமல் துடைத்து, முனையைக் குழியின் நடுவில் தோலோடு வையுங்கள். முனை சட்டையில் முட்டினாலோ வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலோ எண் பொய்யாகக் குறையும். கையை மார்போடு அணைத்து, சத்தம் வரும்வரை பிடியுங்கள். திரையில் C இருக்கிறதா, F இருக்கிறதா என்றும் பாருங்கள். 38 பாகை C என்பது 100.4 பாகை F.

கமக்கட்டில் 36.5 முதல் 37.4 வரை சரி. 38 அல்லது அதற்கு மேல் என்றால் மறுபடி அளந்து நேரம் போக்காமல் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். 37.5 முதல் 37.9 வரை என்றால் யோசிக்க ஒன்று உண்டு. திருகோணமலை வெயிலில், தகரக்கூரையின் கீழ், தொப்பியும் போர்வையுமாகச் சுற்றிய பிள்ளைக்குச் சூடு ஏறத்தான் செய்யும். சுற்றியதைத் தளர்த்தி, 15 நிமிடம் கழித்து அளவுங்கள். இறங்காவிட்டால் அப்போதே புறப்படுங்கள்.

35.5க்குக் கீழே என்றாலும் உடனே போக வேண்டும். அதற்கும் 36.4க்கும் இடையில் என்றால் பிள்ளையை அம்மாவின் வெறும் மார்போடு அணைத்து, தொப்பி போட்டு, மேலே போர்த்தி, பால் கொடுத்து, ஒரு மணி நேரத்தில் திரும்ப அளவுங்கள். ஏறாவிட்டால் புறப்படுங்கள். சுடுதண்ணீர்ப் போத்தல் வைக்காதீர்கள், தோல் வெந்துவிடும்.

பால் இழுக்காவிட்டால், துவண்டு கிடந்தால், மூச்சு வேகமாக வாங்கினால், வலிப்பு வந்தால் எண் எதுவாக இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். மிட்வைப் மிஸ் வரும் நாள்வரை வைத்திருக்கவும் வேண்டாம். வெருகல், குச்சவெளி போன்ற தூரத்து இடமென்றால் 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள். குளிர்ந்த பிள்ளையை வழி முழுக்க மார்போடு அணைத்தே கொண்டுவாருங்கள். அளந்த எண்ணையும் நேரத்தையும் ஒரு துண்டில் எழுதி, ஏற்கெனவே மருந்து கொடுத்திருந்தால் மறைக்காமல் டொக்டரிடம் சொல்லுங்கள். இப்போது காட்டும் 37.2ஐ நாங்கள் எப்படி எடுத்துக்கொள்வது என்பது அதில்தான் இருக்கிறது.