பாயிண்ட் சாம்ப்ளிங்: புள்ளிவழிக் கூறெடுப்பு

காட்டியல் நூல்களில் ‘பாயிண்ட் சாம்ப்ளிங்’ என்று வரும் தொடரைத் தமிழாக்க வேண்டிய இடத்தில் ‘புள்ளி மாதிரி’ என்று எழுதிவிடுவது எளிது. ஆனால் அப்படி எழுதினால், காட்டில் சில புள்ளிகளைத் தேர்ந்தெடுத்து அவற்றை ஆராய்வதே இந்த முறை என்று வாசகர் எண்ணக்கூடும். உண்மையில் இங்கே தேர்ந்தெடுக்கப்படுபவை மரங்கள். புள்ளி என்பது கணக்கெடுப்பவர் நின்று பார்க்கும் இடம் மட்டுமே. எந்த மரம் தேர்வாகும் என்பதை அந்த மரத்தின் தண்டுப் பருமன் முடிவு செய்கிறது. தமிழ்ச் சொல் எதுவானாலும் இந்த இரண்டு செய்திகளில் ஒன்றையாவது அது தாங்கியிருக்க வேண்டும்.

முறையின் தாயகம் ஆஸ்திரியா. அந்நாட்டு வனவியலாளர் வால்டர் பிட்டர்லிக் 1947-லும் 1948-லும் ஜெர்மன் மொழியில் வெளியிட்ட கட்டுரைகளில் இதை விளக்கினார். அவர் வைத்த பெயர் ‘விங்கெல்ட்ஸேல்புரோபே’. அதைப் பிரித்தால் கோணம், எண்ணுதல், மாதிரி என்ற மூன்று சொற்கள் கிடைக்கும். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘கோண எண்ணிக்கை மாதிரி’ என்றாகும். நிலையான ஒரு கோணத்தைக் கண்ணில் வைத்துக்கொண்டு ஒரே இடத்தில் முழுச் சுற்றுத் திரும்பி, அந்தக் கோணத்தைவிட அகலமாகத் தெரியும் மரங்களை எண்ணுவதே வேலை என்பதால், செய்யும் செயலை அப்படியே சொல்லும் நேர்மையான பெயர் அது.

அமெரிக்காவில் இதைப் பரவச் செய்தவர் லூயிஸ் குரோசன்பா. 1952-இல் எழுதிய கட்டுரைத் தலைப்பில் அவர் இதைத் ‘திடலில்லா’ மர மதிப்பீடு என்ற பொருளில் குறித்தார். கயிறு கட்டி வட்டமோ சதுரமோ வரையறுத்து அதற்குள் நிற்கும் மரங்களையெல்லாம் அளக்கும் பழைய முறைக்கு மாறாக, இங்கே தரையில் எல்லையே போடுவதில்லை என்பது அவர் சொல்ல வந்தது. 1958-இல் நிகழ்தகவுக் கோட்பாட்டோடு இணைத்து விரிவாக எழுதியபோது ‘பாயிண்ட் சாம்ப்ளிங்’ என்ற பெயரைக் கையாண்டார். ஆங்கிலத்தில் அதுவே வேரூன்றியது. முதல் பெயர் கைவிடப்பட்டது நல்லதே என்பேன். திடல் இல்லை என்பது தோற்றம்தான். ஒவ்வொரு மரத்துக்கும் தனித்தனியே ஒரு திடல் இருக்கிறது, அது கண்ணுக்குத் தெரிவதில்லை.

அந்தத் தெரியாத திடலைப் புரிந்துகொண்டால் முறை முழுவதும் விளங்கிவிடும். ஒரு மீட்டர் நீளக் குச்சியின் முனையில் 4 செ.மீ. அகலத் தகடு குறுக்காகப் பொருத்தப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குச்சியின் மறுமுனையைக் கண்ணருகே வைத்து, மரத்தின் மார்பளவு உயரத்தைத் தகட்டின் வழியே நோக்குகிறோம். தண்டு தகட்டின் இரு விளிம்புகளையும் தாண்டித் தெரிந்தால் மரம் கணக்கில் சேரும். தகட்டுக்குள் மறைந்துவிட்டால் சேராது. 40 செ.மீ. விட்டமுள்ள மரம் 10 மீட்டர் தொலைவில் தகட்டின் அகலத்துக்குச் சரியாகப் பொருந்தும். அதைவிட அருகில் நின்றால் சேரும், தள்ளி நின்றால் சேராது. 20 செ.மீ. மரத்துக்கு இந்த எல்லை 5 மீட்டர். அதாவது ஒவ்வொரு மரமும் தன் விட்டத்தைப்போல் 25 மடங்கு ஆரமுள்ள வட்டம் ஒன்றைத் தன்னைச் சுற்றிப் போட்டுக்கொண்டு நிற்கிறது. நாம் நிற்கும் புள்ளி அந்த வட்டத்துக்குள் விழுந்தால் அந்த மரம் தேர்வாகிறது.

காட்டில் புள்ளியை எழுந்தமானமாக இடும்போது, ஒரு மரம் தேர்வாகும் நிகழ்தகவு அதன் வட்டத்தின் பரப்பைப் பொறுத்தது. 40 செ.மீ. மரத்தின் வட்டம் 314 சதுர மீட்டர், 20 செ.மீ. மரத்தின் வட்டம் 78.5 சதுர மீட்டர். ஒரு ஹெக்டேர் காட்டில் முன்னதற்கு நூற்றுக்கு மூன்றுக்குச் சற்று மேலும், பின்னதற்கு ஒன்றுக்கும் குறைவாகவும் வாய்ப்பு உண்டு. விட்டம் இரண்டு மடங்கானால் வாய்ப்பு நான்கு மடங்காகிறது. தண்டின் குறுக்குவெட்டுப் பரப்பும் அதே நான்கு மடங்குதான். ஆகவே தேர்வின் நிகழ்தகவு குறுக்குவெட்டுப் பரப்புக்கு நேர்விகிதத்தில் அமைகிறது. இவ்வகைத் தேர்வின் பொதுக் கோட்பாட்டை அமெரிக்கப் புள்ளியியலாளர்களான ஹேன்சனும் ஹர்விட்ஸும் 1943-இலேயே வகுத்திருந்தார்கள். பிட்டர்லிக்கின் குச்சி அதையே காட்டுக்குள் செய்து முடிக்கிறது என்று எடுத்துக்காட்டியது குரோசன்பாவின் பங்கு. (பெரும்புள்ளிகளுக்குச் சலுகை தரும் புள்ளி முறை என்று வேடிக்கையாகச் சொன்னாலும் தவறில்லை.)

இதனால் வரும் பயன் வியப்பானது. 40 செ.மீ. மரத்தின் குறுக்குவெட்டுப் பரப்பு 0.1257 சதுர மீட்டர்; அதை அதன் வட்டமான 314 சதுர மீட்டரால் வகுத்து ஹெக்டேருக்கு, அதாவது 10,000 சதுர மீட்டருக்கு, உயர்த்தினால் 4 சதுர மீட்டர் வரும். 20 செ.மீ. மரத்துக்கும் அதே 4 தான். எண்ணப்பட்ட ஒவ்வொரு மரமும், பெரிதாயினும் சிறிதாயினும், ஹெக்டேருக்கு 4 சதுர மீட்டர் தண்டுப் பரப்பைக் குறிக்கிறது. இந்த 4 என்ற எண் தகட்டின் அகலத்தையும் குச்சியின் நீளத்தையும் மட்டுமே சார்ந்தது; அகலத்தை நீளத்தால் வகுத்து, வர்க்கித்து, 2500-ஆல் பெருக்கினால் கிடைக்கும். தகடு 2 செ.மீ. ஆனால் எண் 1 ஆகிவிடும். ஆங்கிலத்தில் ‘பேசல் ஏரியா ஃபேக்டர்’ எனப்படும் இதைப் ‘பரப்புக் காரணி’ என்றால் போதும். ‘பேசல் ஏரியா’ என்பதை ‘அடிப்பரப்பு’ என்று பெயர்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அடிமரம் என்றால் நமக்கு வேரோடு ஒட்டிய பகுதி. அளவோ தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில், இந்திய வழக்கில் 1.37 மீட்டரில் எடுக்கப்படுகிறது. ‘தண்டுக் குறுக்குப் பரப்பு’ என்பதே பொருளுக்குப் பொருந்தும்.

மேற்சொன்ன குச்சியோடு ஒரு புள்ளியில் நின்று சுற்றிப் பார்த்ததில் எட்டு மரங்கள் ஐயமின்றிச் சேர்கின்றன என்று கொள்வோம். நான்கு மரங்கள் 20 செ.மீ., நான்கு மரங்கள் 40 செ.மீ. அந்தப் புள்ளியிலிருந்து கிடைக்கும் மதிப்பீடு ஹெக்டேருக்கு 32 சதுர மீட்டர். இதற்கு ஒரு மரத்தின் விட்டத்தைக்கூட அளக்கத் தேவையில்லை, எண்ணினால் போதும். ஆனால் எத்தனை மரங்கள் நிற்கின்றன என்று அறிய விட்டம் வேண்டும். ஒவ்வொரு மரத்தின் 4 சதுர மீட்டரையும் அதன் சொந்தப் பரப்பால் வகுத்தால், 20 செ.மீ. மரம் ஒன்று ஹெக்டேரில் ஏறத்தாழ 127 மரங்களையும், 40 செ.மீ. மரம் ஒன்று 32 மரங்களையும் குறிப்பது தெரியும். மொத்தம் சுமார் 637 மரங்கள்.

பலரும் வழுக்கும் இடம் இதுதான். எண்ணிய எட்டு மரங்களின் விட்டங்களைக் கூட்டி எட்டால் வகுத்தால் சராசரி 30 செ.மீ. என்று வரும், அதையே காட்டின் சராசரி என்று அறிக்கையில் எழுதிவிடுவார்கள். சிறு மரங்கள் பெரிய மரங்களைப்போல் நான்கு மடங்கு எண்ணிக்கையில் நிற்கின்றன என்பதைக் கணக்கில் கொண்டால் உண்மையான சராசரி 24 செ.மீ. மட்டுமே. தேர்வே பெரிய மரங்களின் பக்கம் சாய்ந்திருக்கும்போது, அந்தச் சாய்வைத் திருப்பி நிமிர்த்தாமல் எடுக்கும் எந்தச் சராசரியும் காட்டை உள்ளதைவிடப் பருத்ததாகவே காட்டும்.

ஒன்பதாவது மரம் ஒன்று தகட்டுக்குச் சரியாகப் பொருந்துவதுபோல் தெரிகிறது. கண்ணை நம்பி முடிவு செய்யக் கூடாத இடம் இது. நாடாவை எடுக்க வேண்டும். மரத்தின் விட்டம் 34 செ.மீ., எனவே எல்லைத் தொலைவு 8.50 மீட்டர். நாடா புள்ளியிலிருந்து மரப்பட்டை வரை 8.35 மீட்டர் காட்டுகிறது. உள்ளே இருக்கிறது என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் வட்டம் வரையப்பட்டது மரத்தின் மையத்திலிருந்து. பாதி விட்டமான 17 செ.மீ.-ஐக் கூட்டினால் தொலைவு 8.52 மீட்டர், ஆகவே மரம் வெளியே. இந்த ஒரு மரத்தைச் சேர்த்திருந்தால் 32 என்பது 36 ஆகியிருக்கும். இரண்டு சென்டிமீட்டருக்கு எட்டில் ஒரு பங்கு பிழை. சரிவான நிலத்தில் நாடாவைச் சரிவோடு இழுத்தாலும் இதே வகைப் பிழைதான் வரும், கிடைத்தொலைவே கணக்கு. ஆல்ப்ஸ் மலைச்சரிவுகள் உள்ள நாட்டில் பிறந்த முறைக்கு, சரிவைத் தானே திருத்திக்கொள்ளும் ரெலாஸ்கோப் என்ற கருவியைப் பிட்டர்லிக் பின்னர் உருவாக்கியதில் வியப்பில்லை.

மற்றொரு பிழை கருவியை மாற்றும்போது வருகிறது. குச்சியைப் பயன்படுத்துகையில் கண் புள்ளிக்கு நேர்மேலே இருக்க வேண்டும். தண்டின் ஒரு துண்டை விலக்கிக் காட்டும் ஆப்பு வடிவக் கண்ணாடியைப் பயன்படுத்துகையில், கண்ணாடி புள்ளிக்கு மேலே நிற்க, ஆள் அதைச் சுற்றி நடக்க வேண்டும். குச்சிப் பழக்கத்தில் கண்ணாடியைக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே சுழல்பவருக்கு, கோணத்தின் முனை அவரைச் சுற்றி ஒரு வளையமாக நகர்ந்துகொண்டே இருக்கும். எல்லையோர மரங்கள் தப்பாக உள்ளே வந்துவிடும்.

இனிச் சொல்லுக்குத் திரும்பலாம். தமிழகப் பாடநூல்கள் ‘சாம்ப்ளிங்’ என்பதைக் ‘கூறெடுப்பு’ என்கின்றன; இலங்கை வழக்கில் ‘மாதிரியெடுத்தல்’. இரண்டும் நன்று. சிக்கல் முன்னொட்டில்தான். ‘புள்ளிக் கூறெடுப்பு’ என்ற தொகையை ‘புள்ளிகளைக் கூறாக எடுத்தல்’ என்றும் விரிக்கலாம், ‘புள்ளியின் வழியாகக் கூறெடுத்தல்’ என்றும் விரிக்கலாம். புள்ளிவிவரம், புள்ளியியல் என்ற சொற்களின் நிழல் வேறு அதன்மேல் விழுகிறது. ‘புள்ளிவழிக் கூறெடுப்பு’ என்று ‘வழி’யைச் சேர்த்தால் முதல் விரிவுக்கு இடமில்லாமல் போகும். களத்தில் செய்யும் செயலைச் சொல்ல வேண்டிய இடங்களில், பிட்டர்லிக்கின் பெயரை ஒட்டிக் ‘கோண எண்ணிக்கை முறை’ என்றே எழுதலாம். ‘பருமனுக்கேற்ற நிகழ்தகவுத் தேர்வு’ என்பது இதன் பெயரன்று. இந்த முறை சேர்ந்திருக்கும் பெரிய குடும்பத்தின் பெயர். வாக்காளர் கணக்கெடுப்பில் ஊரின் மக்கள்தொகைக்கேற்ப ஊரைத் தேர்ந்தெடுத்தாலும் அந்தப் பெயர்தான். அங்கே குச்சிக்கு வேலையில்லை.